கல்லாவில் நிற்பதை லாபம் என்று சொல்லாதீர்கள்

வணிகர்களுக்காக வரும் மாத இதழ் ஒன்றில் அண்மையில் ஒரு கட்டுரை படித்தேன். சின்னக் கடைக்கு ரொக்கக் கணக்கே போதும் என்பது அதன் வாதம். காசு வந்தால் வரவு, காசு போனால் செலவு, மாதக் கடைசியில் கல்லாவில் நிற்பது லாபம். பில் போட்ட அன்றே விற்பனையையும் கொள்முதலையும் எழுதுகிற மெர்க்கன்டைல் கணக்கு கம்பெனிகளுக்கு உரியது, அதைக் கடைவீதிக்குள் இழுத்துவருவது ஆடிட்டருக்குத் தீனி போடத்தான் உதவும் என்று கட்டுரையாளர் முடிக்கிறார்.

கணியூரில் அந்த இதழ் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. "பாத்தீங்களா, நாங்க எழுதறதுதான் சரின்னு போட்டிருக்குதுங்க" என்று மூன்று கடைக்காரர்கள் என்னிடமே கொண்டுவந்து காட்டினார்கள். மூவருக்கும் கணக்கு எழுதுகிறவன் நான். மூவரில் ஒருவர் போன தீபாவளிக்குப் பிறகு மனைவியின் நகையை அடகு வைத்தவர். அவர் கடையில் அப்போது இருந்தது இந்தக் கட்டுரையாளர் புகழ்கிற ரொக்கக் கணக்கு மட்டும்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கடையையே எடுத்துக்கொள்வோம். சின்ன ஜவுளிக்கடை. பனியன், ஜட்டி, நைட்டி, பிள்ளைகளுக்கு ரெடிமேட். சரக்கு பெரும்பாலும் திருப்பூரிலிருந்து வருகிறது. வாங்குவது கடன், 45 நாள் தவணை. விற்பதிலும் ஒரு பங்கு கடன். மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதித் தண்ணீரை நம்பி நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பங்கள் இந்தக் கடையின் வாடிக்கை. அறுவடைக் காசு வந்தால் கடன் அடையும், அதுவரை பெயர் கடன் நோட்டில் இருக்கும். இந்தப் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுதான். கடனுக்கு வாங்கி, கடனுக்கும் விற்று, நடுவில் அலமாரி நிறையச் சரக்கு வைத்திருக்கும் கடை.

2025 தீபாவளி அக்டோபர் 20இல் வந்தது. அக்டோபர் பிறந்தபோது கடையின் கல்லா கிட்டத்தட்டக் காலி. 1ஆம் தேதி 4,00,000 ரூபாய்க்குச் சரக்கு இறங்கியது. காசு நவம்பர் 15க்குள் கட்ட வேண்டும். அந்த மாதம் மொத்த விற்பனை 4,20,000. அதில் 3,30,000 கையில் வந்தது, 90,000 கடன் நோட்டுக்குப் போனது. பழைய பாக்கி 15,000 வசூலானது. வாடகை, சம்பளம், மின்கட்டணம், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து 35,000. ஆட்களுக்குத் தீபாவளி போனஸ் 20,000. முன்பு வாங்கிய சரக்குக்கு 60,000 கட்டினார்.

கட்டுரையாளர் சொல்லும் முறைப்படி கூட்டுங்கள். வந்தது 3,45,000, போனது 1,15,000, நின்றது 2,30,000. இதுதான் லாபம் என்கிறார் அவர். கடைக்காரரும் அப்படித்தான் நம்பினார். வண்டிக்கு முன்பணம், ஒரு சீட்டுத் தவணை, வீட்டுக்குக் கொஞ்சம் என்று 1,20,000 எடுத்தார். இரண்டேகால் லட்சம் லாபம் நின்றதாக நம்புகிற மனிதர் அதில் பாதியை எடுப்பதில் என்ன தப்பு?

நவம்பர் வந்தது. பண்டிகை முடிந்த கடைவீதி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ரொக்க விற்பனை 90,000, கடன் விற்பனை 20,000, பழைய பாக்கி வசூல் 25,000. வழக்கமான செலவு 35,000. திருப்பூருக்குக் கட்ட வேண்டியது 4,00,000. மாதம் முழுவதும் வந்த காசைப் போட்டுப் பார்த்தும் 2,10,000 குறைந்தது. தவணை தாண்டி, சரக்குக் கொடுத்தவர் இரண்டு முறை போனில் கேட்ட பிறகு, மாதக் கடைசியில் நகை அடகுக் காசைச் சேர்த்துக் கட்டினார். ரொக்கப் புத்தகம் அந்த மாதத்தை 3,20,000 நஷ்டம் என்று காட்டியது.

"தீபாவளிக்கு ரெண்டேகால் லட்சம் நின்னுதுங்க. ஒரே மாசத்துல எப்படிங்க காணாமப் போச்சு?" என்று கேட்டார். ஆள் யாராவது கை வைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வரைக்கும் போயிருந்தார். கடைப் பையன் ஒருவனிடம் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதே இரண்டு மாதத்தை விற்ற அன்றே விற்பனையாகவும், விற்ற சரக்கின் அசலைச் செலவாகவும் எழுதினால் என்ன தெரிகிறது? அவர் கடையில் நூறு ரூபாய்க்கு விற்றால் அதில் 75 ரூபாய் சரக்கின் அசல். அக்டோபர் விற்பனை 4,20,000இல் அசல் 3,15,000 போக 1,05,000 மிச்சம். செலவு 35,000, போனஸ் 20,000. லாபம் 50,000. போனஸ் வருடம் முழுவதற்கும் உரியதுதான், பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் இன்னும் நியாயமாக இருக்கும். அதை விட்டுவிட்டு முழுதும் அக்டோபரிலேயே ஏற்றியிருக்கிறேன். நவம்பர் விற்பனை 1,10,000, அசல் 82,500, மிச்சம் 27,500, செலவு 35,000. நஷ்டம் 7,500.

அக்டோபரில் 50,000 லாபம், நவம்பரில் 7,500 நஷ்டம். பண்டிகையையும் அதற்கு அடுத்த மாதத்தையும் பார்த்த எந்தக் கடைக்காரரும் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வார். இரண்டு மாதமும் சேர்ந்து கடை 42,500 சம்பாதித்திருக்கிறது. ரொக்கக் கணக்கோ முதலில் 2,30,000 லாபம் என்று துள்ள வைத்தது, பிறகு 3,20,000 நஷ்டம் என்று அழ வைத்தது, மொத்தத்தில் 90,000 நஷ்டம் என்று முடித்தது. சம்பாதித்த கடையை நஷ்டக் கடை என்று சொல்கிறது. ஒரு மாதம்கூட உண்மை பேசவில்லை.

இரண்டு கணக்குக்கும் இடையே 1,32,500 வித்தியாசம். அது எங்கே இருக்கிறது என்று காட்ட முடியும். கடன் நோட்டில் புதிதாக 1,10,000 ஏறி, பழையது 40,000 இறங்கியது; ஆக 70,000 ஊருக்குள் நிற்கிறது. வந்த சரக்கு 4,00,000, விற்றதன் அசல் 3,97,500. ஆக 2,500க்கு அலமாரியில் சரக்கு கூடியிருக்கிறது. முன்பு வாங்கிய சரக்குக்குக் கட்டிய 60,000 பழைய கடனை அடைத்திருக்கிறது, இந்த இரண்டு மாதச் செலவாக அது ஆகாது. 70,000, 2,500, 60,000. கூட்டிப் பாருங்கள். ஒரு ரூபாய் காணாமல் போகவில்லை. அந்தப் பையன் கை வைக்கவும் இல்லை.

கட்டுரையாளரின் முதல் வாதம், கல்லா பொய் சொல்லாது என்பது. கல்லா ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: இன்றைக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது? அது அவசியமான கேள்வி. ரொக்கப் புத்தகத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை, தினமும் எழுதுங்கள் என்றுதான் என் கடைக்காரர்களிடம் சொல்கிறேன். அக்டோபர் 31 அன்று அந்தக் கல்லாவில் இருந்ததை விட அதிகமான தொகை திருப்பூர்க்காரருடையது. அவர் காசையும் தன் காசையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு மொத்தத்தையும் லாபம் என்று அழைக்கச் சொல்லிக் கொடுப்பது எழுதுகிறவர் செய்யக்கூடாத காரியம்.

இரண்டாவது வாதம்தான் அவருடைய வாதங்களிலேயே பலமானது. வராத காசை லாபம் என்று எழுதுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்கிறார். கடன் நோட்டில் நிற்கும் எல்லாமே வசூலாகும் என்று நானும் சொல்லவில்லை. வருமா என்று சந்தேகமான பாக்கியை அடையாளம் கண்டு, வராது என்று தெரிந்ததும் நஷ்டமாக எழுதித் தள்ளுவதும் மெர்க்கன்டைல் முறைக்குள்ளேயே இருக்கிற வேலைதான். ரொக்கக் கணக்கில் என்ன நடக்கிறது? நைட்டி கடனுக்குப் போகிறது. அன்றைக்குப் புத்தகத்தில் எதுவும் இல்லை. காசு கடைசிவரை வரவே இல்லை. அப்போதும் புத்தகத்தில் எதுவும் இல்லை. சரக்கு போய்விட்டது, அதற்கான காசை நாம் திருப்பூருக்குக் கட்டிவிட்டோம், ஆனால் ஏமாந்த விவரத்துக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. ஏமாற்றத்தை மறைக்கிற கணக்கு எது என்பதை அவரே சொல்லட்டும்.

அந்தக் கடையின் கடன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நீள நோட்டு, ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். சில பக்கங்களில் தேதியே இல்லை. "அம்மிணி நைட்டி 2, பையன் டவுசர்" என்று இருக்கிறது, என்றைக்கு வாங்கியது என்பது இல்லை. தேதியில்லாத பாக்கியைப் போய்க் கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. எல்லாப் பக்கத்தையும் உட்கார்ந்து பிரித்தோம். ஒரு மாதத்துக்குள், மூன்று மாதத்துக்குள், ஓர் அறுவடை தாண்டியும் வராதது என்று மூன்றாக. மூன்றாவது கட்டில் இருந்த பெயர்களில் இரண்டு குடும்பம் ஊரைவிட்டே போயிருந்தது. தீபாவளிக்கு முன்பே இந்தப் பிரிப்பு இருந்திருந்தால், அந்தக் கட்டில் இருந்த மற்றவர்களுக்கு மறுபடியும் கடன் கொடுத்திருக்க மாட்டார்.

மூன்றாவதாக வரியை இழுக்கிறார். மெர்க்கன்டைலில் எழுதினால் கைக்கு வராத காசுக்கும் வரி கட்ட வேண்டுமாம். பயமுறுத்துவதற்கு எளிதான இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வருமான வரிச் சட்டம் இரண்டு முறைகளையும் அனுமதிக்கிறது, தொடர்ந்து ஒன்றையே கடைப்பிடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி. ஆனால் சின்னக் கடைகளில் பலவும் அனுமான வருமானத் திட்டத்தில் கணக்குக் காட்டுகின்றன. ஆண்டு விற்றுமுதல் 2 கோடிக்குள், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடிக்குள், விற்றுமுதலில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்டினால் போதும். வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோ வந்த பகுதிக்கு 6 சதவீதம். அப்படிக் காட்டுகிறவருக்கு எந்த முறையில் கணக்கு எழுதுவது என்பதில் வரி லாபம் பெரிதாக ஒன்றும் இல்லை. வரிக்காகக் கணக்கு எழுதுகிற தேவையே அவருக்குக் குறைவு. அப்படியானால் அவர் எழுதும் கணக்கு தனக்காக மட்டும்தான். தனக்காக எழுதுகிற கணக்கு உண்மை சொல்ல வேண்டாமா?

ஜி.எஸ்.டி.யில் அவர் காட்டும் பயம் நேரடியாகவே தவறு. சரக்கு விற்றால் வரிப் பொறுப்பு பில் தேதியை ஒட்டி வருகிறது, காசு வந்த தேதியை ஒட்டி அல்ல. கடை நோட்டை ரொக்க முறையில் எழுதினாலும் கடன் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கட்டியே ஆக வேண்டும். மறுபக்கம், வாங்கிய சரக்குக்கு உள்ளீட்டு வரியை எடுத்துக்கொண்டு, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் காசு கட்டாவிட்டால், எடுத்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாத பில்லைப் பதியாத புத்தகத்தில் 180 நாளை எங்கிருந்து எண்ணுவது?

கட்டுரையில் எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவைப் பற்றிய பத்தி. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்தப் பிரிவில் ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு உற்பத்தியாளர்களுக்குத் தர வேண்டிய தொகையைக் காலத்தில் தராவிட்டால், கட்டிய ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அந்த வருட மார்ச் மாதம் இந்த ஜவுளிப் பகுதியில் எவ்வளவு பரபரப்பு இருந்தது என்பது நினைவிருக்கும். இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, அரசாங்கமே ரொக்க முறைக்கு வந்துவிட்டது, ரொக்கக் கணக்கு எழுதுகிறவனுக்கு இந்தத் தொல்லையே இல்லை" என்கிறார்.

தொல்லை இல்லைதான். ஏன் இல்லை? தாமதமாகக் கட்டுகிற மெர்க்கன்டைல்காரருக்கு மட்டும் சட்டம் கொடுக்கும் தண்டனையை ரொக்கக்காரர் எல்லா பில்லுக்கும் எல்லா வருடமும் தானாகவே ஏற்றுக்கொள்கிறார். மார்ச் 10ஆம் தேதி 1,00,000க்குச் சரக்கு வாங்கி, ஒப்பந்தப்படி ஏப்ரல் 20இல் கட்டுகிறோம் என்று வையுங்கள். மெர்க்கன்டைலில் எழுதுகிறவர் அதை மார்ச்சோடு முடியும் ஆண்டிலேயே கொள்முதலாகக் காட்டலாம், 45 நாளுக்குள் கட்டியதால் தடை இல்லை. ரொக்கத்தில் எழுதுகிறவருக்கு அந்த ஆண்டில் கொள்முதலே கிடையாது. எல்லோரையும் உள்ளே அடைத்துவிட்டு, இங்கே திருட்டு பயம் இல்லை என்று சொல்கிற வாதம் இது. அதோடு அந்த உட்பிரிவு யாருக்காக வந்தது? காசுக்காகக் காத்திருக்கும் சின்ன நிட்டிங் யூனிட்டுக்கும் தையல் யூனிட்டுக்கும். அவர்களுக்குப் போக வேண்டிய காசுக்குத் தேதி எழுதாமல் இருப்பதை ஒரு வசதி என்று பரிந்துரைக்க எப்படி மனம் வந்தது?

கடைசியாக, பில் தேதிக் கணக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நம் முன்னோர் கல்லாவைப் பார்த்தே வியாபாரம் செய்தார்கள் என்கிறார். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியபோது ஆளுக்கு ஆள் பேரேட்டில் பற்று வரவு வைத்தார்கள். எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு தர வேண்டும் என்று ஐந்தொகை எடுத்தார்கள். வட்டி கைக்கு வந்த பிறகுதான் வட்டி என்று அவர்கள் காத்திருக்கவில்லை, நடப்பு வட்டி விகிதத்தைக் கூடி முடிவுசெய்து கணக்கில் ஏற்றினார்கள். பற்று வரவு என்பதே கடனை நினைவில் வைத்துக்கொள்கிற கணக்கு. முன்னோரைத் துணைக்கு அழைக்கிறவர் அவர்கள் எழுதிய ஏட்டைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

ரொக்கக் கணக்கு போதுமான கடைகள் உண்டு. காலையில் பாலும் தூளும் வாங்கி, அன்றைக்கே விற்று, அன்றைக்கே காசு வாங்கும் டீக்கடைக்கு வேறு கணக்கு வேண்டாம். இட்லிக் கடை, இஸ்திரி வண்டி, சலூன், இவற்றுக்கும் அப்படியே. சரக்கு தங்குவதில்லை, கடன் நிற்பதில்லை என்பதால் அங்கே இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். கட்டுரையாளர் இதைச் சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை மறுத்திருக்க மாட்டேன். அவர் சின்னக் கடை என்ற ஒரே சொல்லில் டீக்கடையையும் ஜவுளிக்கடையையும் போட்டு அடைத்தார். அளவு சின்னதா பெரிதா என்பது இங்கே கேள்வியே இல்லை. வாங்குவதற்கும் கட்டுவதற்கும், விற்பதற்கும் வசூலிப்பதற்கும் நடுவில் எத்தனை நாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆடிட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் இல்லாமல் இது நடக்காது என்றும் எழுதியிருக்கிறார். அந்த ஜவுளிக்கடையில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். திருப்பூர் பில்களை முன்பு வந்த வரிசையில் ஒரே கம்பியில் குத்தி வைப்பார். இப்போது இரண்டு கம்பி, கட்டாதது ஒன்றில், கட்டியது மற்றொன்றில். கட்டாத பில் ஒவ்வொன்றின் தலையிலும் கட்ட வேண்டிய தேதியைச் சிவப்பு மையில் எழுதுகிறார். கடன் நோட்டில் தேதி இல்லாமல் வரி கிடையாது. மாதக் கடைசி இரவு ஷட்டரை இறக்கிவிட்டு அவரும் பையனும் அலமாரி அலமாரியாகச் சரக்கை எண்ணுகிறார்கள். அட்டையில் அசல் விலை கடைக்காரருக்கு மட்டும் தெரிந்த எழுத்துக் குறியில் இருப்பதால் பையன் குறியைப் படிக்க அவர் தொகையை எழுதுகிறார். அளவு உடைந்து தேங்கிவிட்ட சரக்கை அசலுக்கு எழுதாமல் என்ன விலைக்குப் போகுமோ அந்த விலைக்கு எழுதுகிறார். மூன்று மணி நேர வேலை.

பிறகு ஒரு தாளில் கணக்கு. மாதம் பிறந்தபோது இருந்த சரக்கு, அதோடு வாங்கியது, அதில் இப்போது எண்ணியதைக் கழித்தால் விற்றதன் அசல். மொத்த விற்பனையில், ரொக்கமும் கடனும் சேர்த்து, அந்த அசலையும் அந்த மாதச் செலவையும் கழித்தால் லாபம். அதன் கீழே இரண்டு வரி: ஊருக்குள் நிற்பது எவ்வளவு, திருப்பூருக்குத் தர வேண்டியது எவ்வளவு. அசல் விற்பனையில் நூற்றுக்கு 75ஐத் தாண்டி 80, 82 என்று போனால், விலையைக் குறைத்து விற்றிருக்கிறோம், அல்லது சரக்கு எங்கோ கசிகிறது என்று அந்த இரவே தெரிந்துவிடும். ரொக்கப் புத்தகத்தைப் பத்து வருடம் புரட்டினாலும் இந்தக் கசிவு அதில் தெரியாது.

பொங்கலுக்கு அவர் 2,50,000க்குச் சரக்குச் சொல்ல நினைத்திருந்தார். டிசம்பர் 31ஆம் தேதி தாளைப் பார்த்துவிட்டு 1,40,000க்கு நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் ரெடிமேடில் இரண்டு அளவு அலமாரியிலேயே இருந்தது, கடன் நோட்டில் நின்றது வந்த பிறகு மீதியைச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். கட்டுரையாளரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 1,10,000 ரூபாய்ச் சரக்கு வேண்டாம் என்று அவருடைய ரொக்கப் புத்தகத்தின் எந்தப் பக்கம் சொல்லியிருக்கும்?